கண்மட்டத் தட்டும் நன்னாரி பாட்டிலும்: ஒரு சோதனை சறுக்கிய கதை

போன வருஷம் (2025) மே மாதம், மதுரையில் டிபார்ட்மென்ட் ஸ்டோர் வைத்திருக்கும் என் அத்தானிடம் இருந்து போன். குரலிலேயே உற்சாகம் தெரிந்தது.

"மாப்ள, கண்மட்டத்துல வச்சா டபுளா விக்கும்னு சொல்வாங்கள்ல, நானே செஞ்சு பாத்துட்டேன். உண்மைதான்."

விஷயம் இதுதான். திருமங்கலம் பக்கம் ஒரு அக்கா வீட்டிலேயே நன்னாரி சர்பத் காய்ச்சி பாட்டிலில் அடைத்து, ஆறேழு கடைகளுக்குப் போடுகிறார். அத்தான் கடையில் அவருடைய பாட்டில் ரேக்கின் அடித்தட்டில் இருந்தது. "கண்மட்டத் தட்டுல வைக்கிறேன், மாசம் 1000 ரூபாய் தட்டு வாடகை குடுங்க" என்று அத்தான் கேட்டிருக்கிறார். பெரிய கம்பெனிகள் தட்டுக்குப் பணம் கொடுப்பது வழக்கம்தான். ஆனால் அந்த அக்காவுக்கு ஒரு பாட்டிலில் நிற்கும் லாபமே 30 ரூபாய். "நெசமா கூடுதலா விக்குமா தம்பி?" என்று கேட்டிருக்கிறார். அதற்காகத்தான் அத்தான் நியாயமாக ஒரு சோதனை நடத்தினார்:

ஏப்ரல் 14 முதல் 27 வரை அடித்தட்டு: 38 பாட்டில்.
ஏப்ரல் 28 முதல் மே 11 வரை கண்மட்டம்: 71 பாட்டில்.

இரண்டு வாரத்துக்கு 33 பாட்டில் அதிகம். மாதத்துக்கு 66. 30 ரூபாய் வீதம் போட்டால் 1980 ரூபாய். 1000 வாடகை போக 980 மிச்சம். கணக்கு பார்க்க அழகாகத்தான் இருந்தது. அந்த அக்காவும் சரி சொல்லத் தயாராகிவிட்டார்.

எனக்கு அந்தத் தேதிகள் உறுத்தின. மதுரைக்காரர்கள் இதற்குள் சிரித்திருப்பீர்கள்.

தட்டு மட்டுமா மாறியது?

2025-ல் சித்திரைத் திருவிழாவுக்குக் கொடியேற்றம் ஏப்ரல் 29. மே 4 அக்னி நட்சத்திரம் ஆரம்பம். மே 8 மீனாட்சி திருக்கல்யாணம். மே 12 அழகர் ஆற்றில் இறங்கினார். இடையில் மே 1-ஐ ஒட்டிச் சம்பள நாள். ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்களால் வீடுகள் நிரம்பி வழியும் நாட்கள். வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் நீட்டுவது சர்பத் டம்ளர்தானே.

அதாவது நன்னாரி பாட்டில் அடியிலிருந்து மேலே ஏறிய அதே வாரத்தில் வெயில் ஏறியது, கூட்டம் ஏறியது, கையில் காசும் ஏறியது. 71 என்ற எண்ணில் தட்டின் பங்கு எவ்வளவு, வெயிலின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க அந்தச் சோதனையில் வழியே இல்லை. இப்படி, நாம் சோதிக்கும் மாற்றத்தோடு ஒட்டிக்கொண்டு கூடவே வந்து, விளைவையும் தானே மாற்றிவிடும் விஷயத்தை 'குழப்பும் காரணி' என்று சொல்லலாம்.

எல்லாவற்றையும் குழப்பும் காரணி என்று சொல்லிவிடவும் முடியாது. நான் மூன்று கேள்வி கேட்டுப் பார்ப்பேன். ஒன்று, தட்டு மாறியபோது இதுவும் மாறியதா? இரண்டு, தட்டு மாறாவிட்டாலும் இது விற்பனையை மாற்றியிருக்குமா? மூன்று, இது தட்டு மாறியதால் வந்த விளைவு இல்லைதானே? வெயில் மூன்றிலும் தேறுகிறது. ஆனால் "மேல இருந்ததால நெறைய பேர் பாட்டிலைக் கையில எடுத்துப் பாத்தாங்க" என்பது மூன்றாவதில் விழுந்துவிடும். அது தட்டு வேலை செய்யும் விதம். அதைக் கழித்துவிட்டால் நாம் தேடும் விளைவையே கழித்ததாகிவிடும்.

பில்லிங் கம்ப்யூட்டர் சொன்ன கதை

ஞாயிற்றுக்கிழமை மதியம் கடைக்குப் போய், அத்தானோடு உட்கார்ந்து பில்லிங் கம்ப்யூட்டரைக் குடைந்தேன். கேள்வி ஒன்றுதான்: வெயிலுக்கு ஏறும், ஆனால் தட்டு மாறாத பொருட்கள் என்ன ஆயின?

இதில் எந்தப் பொருளை எடுக்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். அத்தான் முதலில் ரோஸ் சிரப்பைக் காட்டினார். அது சரிப்படாது. நன்னாரி கண்மட்டத்துக்கு வந்ததால் ரோஸ் சிரப் வாங்க வந்த ஆளே நன்னாரிக்கு மாறியிருக்கலாம். அப்படியானால் ரோஸ் சிரப்பின் எண் நம் சோதனையாலேயே கெட்டுப்போன எண். வெயிலோடு ஏறவும் வேண்டும், நன்னாரிக்குப் போட்டியாகவும் இருக்கக் கூடாது. அதனால் குளுக்கோஸ் பவுடரையும் மோர் பாக்கெட்டையும் எடுத்தோம். இரண்டும் சேர்த்து முதல் இரண்டு வாரம் 200, அடுத்த இரண்டு வாரம் 320. ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் மேலே: 1.6 மடங்கு.

தட்டை மாற்றாமலே நன்னாரியும் இதே அளவு ஏறியிருக்கும் என்று வைத்துக்கொண்டால், 38 பாட்டில் 61 ஆகியிருக்கும். விற்றது 71. ஆக, தட்டுக்கு மிஞ்சுவது 33 இல்லை, 10.

"சரி, பத்தாவது இருக்குல்ல" என்றார் அத்தான்.

அப்போதுதான் நாள்வாரி விற்பனையைத் திறந்தோம். ஏப்ரல் 22, 23, 24 மூன்று நாளும் நன்னாரி பூஜ்யம். கொள்முதல் நோட்டைப் பார்த்தால் அடுத்த சரக்கு வந்தது 25-ம் தேதி. அடித்தட்டில் பாட்டில் தீர்ந்துபோனதை யாரும் குனிந்து பார்க்கவில்லை. இல்லாத பாட்டிலை யார் வாங்குவார்கள்? 38 பாட்டில் விற்றது 14 நாளில் இல்லை, 11 நாளில். சரக்கு இருந்திருந்தால் அதே வேகத்தில் 14 நாளுக்குச் சுமார் 48 விற்றிருக்கும். அதை 1.6-ஆல் பெருக்கினால் 77. கண்மட்டத்தில் விற்றது 71.

அத்தான் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "அப்ப மேல வச்சதுல கொறஞ்சு போச்சுங்கிறியா?"

இல்லை, அப்படியும் சொல்ல முடியாது. 1.6 என்பதே ஒரு தோராயம். மோர் பாக்கெட் ஏறும் வேகமும் நன்னாரி ஏறும் வேகமும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று சட்டமில்லை. அந்தச் சோதனையிலிருந்து "டபுள்" என்றும் சொல்லலாம், "பத்து" என்றும் சொல்லலாம், "ஒன்றுமில்லை" என்றும் சொல்லலாம். எதைக் கழிக்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது. ஒரு சோதனை பலவீனமானது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேறு கிடையாது.

இன்னொரு ஒட்டுண்ணி: வரிசை

ரேக்கின் முன்னால் நின்று பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. அடித்தட்டில் நன்னாரிக்கு ஒரே ஒரு வரிசைதான் இருந்திருக்கிறது. கண்மட்டத்தில் அழகுக்காகப் பக்கத்துப் பக்கத்தில் மூன்று வரிசை அடுக்கியிருந்தார்கள். அப்படியானால் சோதித்தது உயரத்தையா, முகப்பு வரிசையின் எண்ணிக்கையையா? இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது வேலை செய்தது என்று எப்படித் தெரியும்?

இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்காவில், சிகாகோவின் டொமினிக்ஸ் சூப்பர்மார்க்கெட்டுகளில் ட்ரெஸ், ஹோக், பர்க் என்ற மூன்று ஆய்வாளர்கள் தட்டுகளை மாற்றி அடுக்கிச் சோதனைகள் நடத்தி, 1994-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். பொருள் எந்த இடத்தில் இருக்கிறது என்பது அதன் விற்பனையைப் பெரிதாக மாற்றியது. எத்தனை வரிசை என்பது அவ்வளவாக மாற்றவில்லை, ஆனால் ஒரு நிபந்தனையோடு: சரக்கு தீர்ந்துபோகாத அளவுக்குக் குறைந்தபட்ச வரிசை இருக்க வேண்டும். அத்தான் கடையில் ஒற்றை வரிசை அந்தக் குறைந்தபட்சத்துக்கும் கீழே போய்விட்டது. மூன்று நாள் பூஜ்யம் அங்கிருந்து வந்ததுதான்.

அதே ஆய்வில் கவனிக்க வேண்டியது இன்னொன்று. ஒரு வகைப் பொருட்களின் தட்டு முழுவதையும் யோசித்து மாற்றி அடுக்கியதில், அந்த வகையின் மொத்த விற்பனையில் வந்த மாற்றம் 5, 6 சதவீதம்தான். ஒரு தனி பாட்டில் அதைவிட அதிகமாக ஏறலாம், மறுக்கவில்லை. ஆனால் தட்டு மாறிய இரண்டே வாரத்தில் 87 சதவீதம் ஏற்றம் என்றால், சந்தோஷப்படும் முன் காலண்டரை ஒருமுறை புரட்டிவிடுவது நல்லது.

தலைமடையும் கடைமடையும்

சரி, எப்படிச் சோதித்திருக்க வேண்டும்? இதற்கு வயல்காட்டிலிருந்து யோசிப்பது சுலபம். பெரியாறு கால்வாய்ப் பாசனத்தில் மேலூர்ப் பக்கத்து விவசாயியிடம், "புது விதையைத் தலைமடை வயலிலும் பழைய விதையைக் கடைமடை வயலிலும் போட்டேன், புதுசு நல்லா விளைஞ்சது" என்று சொல்லிப் பாருங்கள். "தலைமடையில எதைப் போட்டாலும் விளையும்யா" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். நம் சோதனையில் ஏப்ரல் கடைமடை, மே தலைமடை.

இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் வேலை பார்த்த ரொனால்ட் ஃபிஷர் இதற்குச் சொன்ன வழி, இன்றைக்கும் அதே வழிதான். 1935-ல் வந்த அவருடைய சோதனை வடிவமைப்பு நூலில் விரிவாக இருக்கிறது. அடுத்தடுத்து இருக்கும், ஏறத்தாழ ஒரே மாதிரியான துண்டுகளைச் சேர்த்துக்கொள். அதற்குள் எந்தத் துண்டுக்கு எது என்பதை நீ முடிவு செய்யாதே, சீட்டுப் போடு.

வயலுக்குப் பதில் நம்மிடம் இருப்பது வாரங்கள். ஜூன் 2 முதல் ஜூலை 27 வரை எட்டு வாரம். அடுத்தடுத்த இரண்டு வாரம் ஒரு ஜோடி, மொத்தம் நான்கு ஜோடி. ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு காசு சுண்டுவது: தலை விழுந்தால் முதல் வாரம் கண்மட்டம், அடுத்த வாரம் அடித்தட்டு. பூ விழுந்தால் தலைகீழ். நான்கு சுண்டலையும் முதல் நாளே முடித்து, காகிதத்தில் எழுதி, கல்லாவுக்குப் பின்னால் ஒட்டிவிட்டோம்.

காசு எதற்கு, நாமே மாற்றி மாற்றி வைத்தால் போதாதா? போதாது. நாமே தேர்ந்தெடுத்தால், "இந்த வாரம் வெயில் அடிக்கும் போலிருக்கு, மேல வைப்போம்" என்று மனசு தானாகச் சாயும். ஒன்றுவிட்டு ஒன்றாக வைத்தால் சம்பள வாரம் எப்போதும் ஒரே பக்கம் மாட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு. காசுக்கு வெயிலும் தெரியாது, சம்பளத் தேதியும் தெரியாது. நாம் யோசித்தே இராத காரணிகளையும் அது பாரபட்சம் இல்லாமல் இரண்டு பக்கமும் போடும். நான்கு ஜோடி என்பது குறைவுதான், அதனால் எப்படி விழுந்தது என்று பார்த்துக்கொண்டோம். ஜூன் சம்பள வாரம் கண்மட்டத்துக்கும், ஜூலை சம்பள வாரம் அடித்தட்டுக்கும் போயிருந்தது. பரவாயில்லை.

தட்டின் உயரம் தவிர மற்ற எல்லாம் அப்படியே இருக்க வேண்டும் என்று நான்கு விதி வைத்தோம்.

1. இரண்டு இடத்திலும் இரண்டே வரிசை.
2. காலையும் மாலையும் எண்ணிப் பார்த்து, ஆறு பாட்டிலுக்குக் கீழே போனால் உடனே நிரப்புவது.
3. எட்டு வாரமும் ஒரே விலை, எந்தச் சிரப்புக்கும் ஆஃபர் கிடையாது.
4. கடைப் பையன்கள் "நன்னாரி வந்திருக்கு, எடுத்துக்கங்க" என்று யாரிடமும் சொல்லக் கூடாது.

நான்காவது விதிதான் கஷ்டமாக இருந்தது. மே மாதம் அத்தானே வருகிறவர்களிடமெல்லாம் நன்னாரியைச் சிபாரிசு செய்திருக்கிறார். சோதனை ஜெயிக்க வேண்டும் என்ற ஆசை, பாவம். அதுவும் ஒரு குழப்பும் காரணிதான். பில்லிங் கம்ப்யூட்டரில் அது பதிவாகாது, கேட்டால்தான் தெரியும்.

எட்டு வாரம் கழித்து

அடித்தட்டு, கண்மட்டம் என்ற வரிசையில் பாட்டில் எண்ணிக்கை:

முதல் ஜோடி: 14, 17
இரண்டாவது: 16, 15
மூன்றாவது: 11, 15
நான்காவது: 12, 14

அடித்தட்டு மொத்தம் 53. கண்மட்டம் மொத்தம் 61. வித்தியாசம் 8 பாட்டில், சுமார் 15 சதவீதம்.

இது தட்டின் வேலையா, சும்மா தற்செயலா? காசு சுண்டியதன் பலன் இங்கே கிடைக்கிறது. தட்டால் எந்த விளைவும் இல்லை என்று ஒரு நிமிஷம் வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒவ்வொரு ஜோடியிலும் அந்த இரண்டு எண்களும் எப்படியும் வந்திருக்கும். எது கண்மட்டம் என்ற பெயரை வாங்கியது என்பது மட்டும் காசின் வேலை. நான்கு காசுக்கு 16 விதமான விழுதல்கள். ஜோடிகளின் வித்தியாசம் 3, 1, 4, 2. நான்கும் கண்மட்டத்துக்குச் சாதகமாக விழுந்தால் மொத்தம் 10. அந்த ஒன்று மட்டும் எதிராக விழுந்தால் 8, நமக்கு வந்தது போல. வேறு எப்படி விழுந்தாலும் 8-க்குக் கீழேதான். ஆக 16-ல் 2, அதாவது எட்டில் ஒரு தடவை, தட்டுக்கு எந்தச் சக்தியும் இல்லாமலே இந்த அளவு வித்தியாசம் வந்துவிடும். "கொஞ்சம் கூடுதலா விக்குது போல" என்று சொல்லலாம். "நிரூபிச்சாச்சு" என்று சொல்ல முடியாது.

இதிலும் ஓட்டைகள் உண்டு. ஒரு சர்பத் பாட்டில் வீட்டில் ஒரு வாரத்துக்கு மேல் வரும். கண்மட்ட வாரத்தில் வாங்கியவர் அடுத்த அடித்தட்டு வாரத்தில் வாங்க மாட்டார். தட்டு விற்பனையைக் கூட்டாமல் முன்கூட்டி இழுத்து வந்ததாகக்கூட இருக்கலாம். அப்படியானால் உண்மையான விளைவு 8-ஐவிடக் குறைவு. மாறாக, ஒருமுறை மேலே பார்த்துப் பழகியவர் அடுத்த வாரம் அடியில் தேடி எடுத்தால், விளைவு நமக்குக் குறைவாகத் தெரியும். ஒரே கடையில் இந்தச் சிக்கலை முழுசாகத் தீர்க்க முடியாது.

இரண்டு கடை கிடைத்தால் ஒன்றில் மேலே, இன்னொன்றில் கீழே என்று ஆரம்பித்து, பாதியில் நீண்ட இடைவெளி விட்டு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அதையும் சித்திரையில் செய்யாதீர்கள். எதிர்சேவைக் கூட்டம் தல்லாகுளத்துக் கடையைப் புரட்டிப் போடும் அதே நாளில் திருநகர்க் கடை வழக்கம்போல இருக்கும்.

யாருக்கு லாபம்?

கடைசியாக ஒன்று பார்த்தோம். அதே ரேக்கில் இன்னொரு கம்பெனியின் நன்னாரி பாட்டிலும் உண்டு. இந்த அக்காவின் பாட்டில் கண்மட்டத்தில் இருந்த நான்கு வாரங்களில் அது 5 பாட்டில் குறைவாக விற்றிருந்தது. அக்காவுக்கு 8 கூடியது. கடைக்கு மொத்தத்தில் 3 மட்டுமே. இவ்வளவு சின்ன எண்களை ரொம்ப நம்பக் கூடாது. ஆனாலும் "விற்பனை கூடியதா" என்ற கேள்விக்கு யாருடைய விற்பனை என்று முதலில் கேட்க வேண்டும் என்பது இதில் தெரிகிறது.

இப்போது அந்த அக்காவின் கணக்குக்கு வருவோம். 1000 ரூபாய் வாடகை கட்ட, 30 ரூபாய் லாபத்தில், மாதம் 34 பாட்டில் கூடுதலாக விற்க வேண்டும். நான்கு வாரத்தில் கிடைத்தது 8, அதாவது 240 ரூபாய். ஜூன், ஜூலை வெயில் குறைந்த மாதம், மே மாதத்தை வைத்துப் பார்க்கலாமே என்றால், மே வேகத்தில் மாதம் 140 பாட்டில் போகும். அதில் இந்த 15 சதவீத ஏற்றத்தின் பங்கு 20 பாட்டிலைத் தாண்டாது. அப்போதும் 600 ரூபாய்தான். விளைவு சரியாக 8-ஆ, 5-ஆ, 12-ஆ என்று நமக்குத் தெரியவில்லை. ஆனால் 34-ஐத் தொடுவதற்கான அடையாளம் எதுவும் இல்லை. முடிவெடுக்க அவ்வளவு போதும்.

அத்தான் வாடகைப் பேச்சை விட்டுவிட்டார். அந்த அக்காவிடம் அவரே போன் போட்டு, "மே மாசக் கணக்கு தப்புக்கா, வெயிலு வித்ததை நான் தட்டு வித்ததா நெனச்சிட்டேன்" என்றார். பாட்டில் இப்போது அடியிலிருந்து இரண்டாவது தட்டில், இரண்டு வரிசையில் இருக்கிறது. தினமும் இரண்டு வேளை எண்ணும் பழக்கத்தை மட்டும் அத்தான் விடவில்லை. ஏப்ரலில் மூன்று நாள் காலியாகக் கிடந்ததில் போனது சுமார் 10 பாட்டில். எட்டு வாரச் சோதனையில் கண்மட்டத் தட்டு கூட்டிக் கொடுத்ததைவிட அது அதிகம்.